புது கார்டு வந்த பிறகும் பழைய சந்தா ஏன் ஓடுகிறது?

அக்கா குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. போன வருடம் வேலூர் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவருடைய பர்ஸ் தொலைந்துபோனது. உள்ளே டெபிட் கார்டு இருந்தது. வீட்டுக்குப் போவதற்கு முன்பே வங்கிக்குப் போன் செய்து கார்டை பிளாக் செய்துவிட்டார். கொஞ்ச நாளில் புது எண்ணோடு புது கார்டு தபாலில் வந்தது. பழைய கார்டில் கட்டிக்கொண்டிருந்த சந்தாக்கள் எல்லாம் இதோடு நின்றுவிடும், வேண்டியதை மட்டும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் 5ஆம் தேதி பையனுடைய ஆங்கிலப் பயிற்சி ஆப்புக்கு 1,499 ரூபாய் வழக்கம்போல் போய்விட்டது. அதே வாரம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஓடிடி பாதியில் நின்றது. அக்கா எனக்குப் போன் செய்தார். "கார்டே போயிடுச்சே தம்பி, அப்புறம் எப்படி இவங்க மட்டும் எடுக்கறாங்க?"

நான் சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே என் தினசரி வேலை. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போய், அக்காவும் நானும் ஒரு வருட பாஸ்புக் பதிவுகளையும் எஸ்எம்எஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "அந்தக் கார்டில்" என்று அக்கா சொன்ன தானியங்கிக் கட்டணங்கள் நான்கு. ஆங்கில ஆப், ஓடிடி, போனில் போட்டோ சேமிக்கும் இடம், வருடத்துக்கு ஒருமுறை போகும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். இந்த நான்கில் உண்மையிலேயே கார்டின் மேல் நின்றவை இரண்டுதான்.

ஆங்கில ஆப்பை முதலில் சொல்கிறேன். பாஸ்புக்கில் அந்தப் பதிவு ACH என்று தொடங்கியது. கார்டு வழியாகப் போன பணத்துக்கு அப்படி வராது. ACH என்றோ NACH என்றோ இருந்தால், அது வங்கிக் கணக்கின் மேலேயே கொடுத்த உத்தரவு. மாதாமாதம் இத்தனை ரூபாய்க்கு மிகாமல் இந்த நிறுவனம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் எழுதிக் கொடுத்த அனுமதி. முன்பெல்லாம் இதற்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கேன்சல் செய்த செக் ஒன்றும் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது அதையே ஆன்லைனில் செய்கிறார்கள். அப்போது கணக்கு நம்முடையதுதான் என்று காட்ட நெட் பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்பார்கள். அக்கா அன்று டெபிட் கார்டைத் தேர்ந்தெடுத்து எண்ணையும் ஓடிபியையும் போட்டிருக்கிறார். அதனால் அவர் மனதில் அது கார்டு சந்தாவாகப் பதிந்துவிட்டது. உண்மையில் கார்டின் வேலை அந்த ஒரு நாளோடு முடிந்துவிட்டது. கையெழுத்துக்குப் பதிலாக அது பயன்பட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு உத்தரவு இருப்பது கணக்கில். கார்டு தொலைந்தாலும், காலாவதியானாலும், கார்டே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை நிறுத்த இரண்டு வழி இருக்கிறது. ஆப்புக்குள்ளேயே சந்தாவை ரத்து செய்து, உத்தரவையும் நீக்கச் சொல்லலாம். அல்லது வங்கியில் உத்தரவை ரத்து செய்யலாம். வங்கிக்குப் போனால் UMRN என்ற எண்ணைக் கேட்பார்கள். ஒவ்வொரு NACH உத்தரவுக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இட அடையாளம் அது. பதிவு செய்த நாளில் வந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கும், நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதியிலும் இருக்கும். கிளையில் முதலில் "கம்பெனிகிட்ட கேளுங்கம்மா" என்றார்கள். UMRN எழுதி, கணக்கு வைத்திருப்பவர் என்ற முறையில் இந்த உத்தரவைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். அப்புறம் வேலை நடந்தது. அடுத்த தவணைத் தேதிக்குப் பல நாள் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தேதி நெருங்கிவிட்டால் பணம் கேட்டு நிறுவனம் அனுப்பும் கோரிக்கை ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் வைத்துவிட்டால் எடுக்க முடியாதுதானே என்று பலரும் கேட்கிறார்கள். எடுக்க முடியாதுதான். ஆனால் செக் திரும்பினால் அபராதம் போடுவதுபோல், இதற்கும் ஒவ்வொரு முறையும் ஜிஎஸ்டியோடு சேர்த்துச் சில நூறு ரூபாய் வரை வங்கி பிடிக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடைக்காரர்களின் பாஸ்புக்கில் இந்த அபராதம் வரிசையாக நிற்பதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். இன்னொன்று, பாஸ்புக்கில் ஆப்பின் பெயர் இருக்கிறதா, ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு ஆப்கள் சிலவற்றில் வருடக் கட்டணம் முழுவதையும் கடனாகப் போட்டு, அதன் தவணையைத்தான் மாதாமாதம் எடுக்கிறார்கள். அது சந்தா இல்லை, கடன். உத்தரவை மட்டும் ரத்து செய்தால் கடன் அப்படியே நிற்கும், தவணை தவறியதாகக் கிரெடிட் ஸ்கோரில் பதிவாகும். அக்காவின் விஷயத்தில் ஆப்பின் பெயரே இருந்தது, மாதச் சந்தாதான். அதனால் கவலையில்லாமல் ரத்து செய்தோம்.

போட்டோ சேமிக்கும் இடத்துக்கு மாதம் 130 ரூபாய். அது யூபிஐ ஆட்டோபே. யூபிஐயும் கணக்கோடு இணைந்ததுதான். யூபிஐ பின் அமைக்கும்போது டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்பார்கள். அதைத் தவிர அதற்கும் கார்டுக்கும் தொடர்பில்லை. எந்த யூபிஐ ஆப்பில் அனுமதி கொடுத்தீர்களோ, அதே ஆப்பில் Autopay என்ற இடத்தில் அது இருக்கும். அங்கேயே நிறுத்தலாம். அக்காவுக்கு அது வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம்.

இனி உண்மையான கார்டு சந்தாக்கள். ஓடிடி ஏன் நின்றது என்று புரிய வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து திரும்பத் திரும்பப் பணம் எடுக்க வேண்டுமானால், கார்டு கொடுத்த வங்கியிடம் ஓடிபி போட்டு இ-மேண்டேட் என்ற தானியங்கி அனுமதியைப் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய் வரை மறுபடி ஓடிபி தேவையில்லை. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் 2023 டிசம்பரிலிருந்து அந்த வரம்பு 1 லட்சம். இந்தப் பதிவு இருப்பது கார்டு கொடுத்த வங்கியிடம், அந்தக் கார்டின் பெயரில்.

இரண்டாவது, 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் யாரும் நம் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம். ஒரே கார்டுக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் வேறு வேறு டோக்கன் இருக்கும். எந்த டோக்கன் எந்தக் கார்டைக் குறிக்கிறது என்ற இணைப்பு விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கிடமும் வங்கியிடமும் இருக்கும்.

பிரச்சினை பிறக்கும் இடம் இந்த இணைப்புதான். பழைய கார்டு போய்ப் புது கார்டு வரும்போது, டோக்கனைப் புது கார்டோடு இணைத்துவிட முடியும். அப்படி இணைத்துவிட்டால் ஓடிடி நிறுவனத்துக்கு எண் மாறியதே தெரியாது, பணம் வழக்கம்போல் போகும். இணைக்காவிட்டால் டோக்கன் செத்துப்போன கார்டைக் காட்டும், கட்டணம் திரும்பிவிடும். கார்டைப் புதுப்பித்தாலும் மாற்றிக் கொடுத்தாலும், ஏற்கெனவே பதிவு செய்த நிறுவனங்களோடு அதை இணைக்க வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் டோக்கன் விதி சொல்கிறது. அந்த ஒப்புதலை எப்படிக் கேட்கிறார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். புது கார்டை ஆப்பில் செயல்படுத்தும்போது வரும் ஒரு சின்னக் கட்டமாகக்கூட அது இருக்கலாம். அவசரத்தில் அதில் டிக் போட்டுவிட்டால், நின்றுவிட்டது என்று நினைத்த சந்தா புது கார்டில் தொடரும். டோக்கன் மட்டும் மாறினாலும் போதாது, மேண்டேட் பதிவும் கூடவே மாற வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாவிட்டால் கட்டணம் தோற்றுப்போகும், அல்லது மறுபடி ஓடிபி கேட்கும்.

அக்காவின் வங்கியில் எதுவும் மாறவில்லை. பழைய கார்டோடு ஓடிடியின் மேண்டேட்டும் முடிந்தது. புது கார்டைச் சேர்த்து, ஒரு ஓடிபி போட்டதும் மறுபடி ஓடியது.

எனக்குப் பதற்றம் தந்தது மருத்துவக் காப்பீடுதான். வருடத்துக்கு 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பாலிசி போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலமெல்லாம் கடந்து, முழுப் பயன் கிடைக்கத் தொடங்கிய பாலிசி அது. புதுப்பிக்கும் தேதிக்கு ஆறு வாரம்போல் இருந்தது. மாதச் சந்தாவாக இருந்தால் கார்டு மாறிய அடுத்த மாதமே நின்று, உடனே தெரிந்துவிடும். வருடச் சந்தா அப்படியில்லை. கார்டு தொலைந்ததை வீட்டில் எல்லோரும் மறந்த பிறகுதான் அதன் தேதி வரும்.

தோற்றுப்போனால் அவர்களே சொல்ல மாட்டார்களா என்று அக்கா கேட்டார். காப்பீட்டு நிறுவனம் நினைவூட்டல் அனுப்பும். ஆனால் அக்காவின் போனில் அந்த எஸ்எம்எஸ்கள் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தன. ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறோமே என்று அவரும் அவற்றைத் திறப்பதில்லை. தவறவிட்டால் வருட பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி கெடாது, காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்காது. ஆனால் கட்டாமல் இருந்த அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவுக்குப் பணம் கேட்க முடியாது. 30 நாளையும் தாண்டிவிட்டால் புது பாலிசிதான், சர்க்கரைக்குக் காத்திருப்பும் முதலிலிருந்து.

இ-மேண்டேட் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் இருக்கின்றன. ஒன்று, வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற பகுதி இருக்கும். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் நேராகக் கார்டின் கடைசி நான்கு இலக்கம் தெரியும். அது பழைய கார்டின் எண்ணாக இருந்தால் அந்தப் பதிவை நம்பக் கூடாது. அக்காவின் பிரீமியம் அப்படித்தான் பழைய எண்ணோடு இருந்தது. இரண்டாவது, 24 மணி நேரத்துக்கு முன் வர வேண்டிய தகவல். நாளை தேதி, இன்று இரவு வரை அந்த எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் பணம் போகாது என்றே எடுத்துக்கொண்டு, கையாலேயே கட்டிவிடுவது நல்லது. நாங்கள் தேதி வரை காத்திருக்கவில்லை. நெட் பேங்கிங்கில் பிரீமியத்தை முன்பே கட்டிவிட்டு, அடுத்த வருடத்துக்குப் புது கார்டில் புது மேண்டேட் பதிவு செய்தோம்.

காலாவதி வேறு மாதிரி. தொலைந்தால் எண் கட்டாயம் மாறும். காலாவதியாகிப் புதுப்பித்து வரும்போது சில வங்கிகள் அதே எண்ணை வைத்துக்கொண்டு தேதியையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் மட்டும் மாற்றுகின்றன. சில வங்கிகள் எண்ணையே மாற்றுகின்றன. என் கிரெடிட் கார்டு அதே எண்ணில் வந்தது. அலுவலக மென்பொருள் ஒன்றின் வருடச் சந்தா அதில் இருந்தது. நான் எங்கும் எதையும் திருத்தவில்லை. முன்தகவல் வந்தது, அடுத்த நாள் பணமும் போனது. என் பக்கத்து மேஜையில் இருக்கும் நண்பருக்கு வேறு வங்கி. அவருக்கும் அதே எண்தான் வந்தது, ஆனால் அதே மென்பொருளின் சந்தா தோற்றுப்போனது. கார்டின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே டோக்கனையும் மேண்டேட்டையும் அந்த வங்கி எப்படிக் கையாண்டது என்பதுதான் முடிவு செய்கிறது.

நின்றுபோனதாலேயே சந்தா ரத்தாகிவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. கட்டணம் தோற்றால் பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள் விட்டுவிட்டு மறுபடி முயற்சி செய்யும், கணக்கை நிறுத்தி மட்டும் வைக்கும். அக்காவின் தோழி ஒருவர், பாகாயத்தில் இருக்கிறார், வேண்டாத ஒரு இசை ஆப் கார்டு மாறியதும் தானாக நின்றது என்று விட்டுவிட்டார். கொஞ்ச நாள் கழித்து போனின் ஆப் ஸ்டோரில் வேறு ஏதோ வாங்கப் புது கார்டைச் சேர்த்தார். காத்துக்கொண்டிருந்த இசைச் சந்தா அதிலிருந்து எடுத்துக்கொண்டது. பழைய சந்தா அதே ஸ்டோர் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். கார்டைச் சேர்க்கும் அந்த ஓடிபியோடு மேண்டேட்டும் பதிவாகிவிடலாம். ஓடிபி போடும் பக்கத்தில் தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் இ-மேண்டேட் என்றோ, அதிகபட்சத் தொகை என்றோ இருந்தால் நின்று படியுங்கள். ஸ்டோரில் மாற்றுக் கட்டண வழியாக யூபிஐ கொடுத்து வைத்திருந்தால், கார்டு தோற்றதும் அதிலிருந்து எடுக்கவும் வாய்ப்புண்டு. வேண்டாத சந்தாவை, அது ஏற்கெனவே நின்றிருந்தாலும், அந்த நிறுவனத்திடமே ரத்து செய்து அதற்கான மின்னஞ்சலை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது நர்ஸாக வெளிநாட்டில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் மாமா மகள் சி.எம்.சி.யில் படித்துவிட்டு இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே அவளுடைய டெபிட் கார்டு தொலைந்து புது எண் வந்தது. ஜிம் கட்டணம் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறாமல் புது கார்டிலிருந்து போனது, அவள் ஜிம்மிடம் எதுவும் சொல்லாமலே. யாரோ எண்ணைத் திருடிவிட்டார்கள் என்று பயந்து எனக்கு அழைத்தாள். திருட்டு இல்லை. விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் கணக்குப் புதுப்பிப்புச் சேவை ஒன்று உண்டு, Visa Account Updater, Automatic Billing Updater என்று பெயர். வீடு மாறினாலும் தபால்காரர் விசாரித்துப் புது முகவரிக்குக் கடிதத்தைக் கொண்டுவந்து தருவதுபோல, வங்கி புது எண்ணையும் தேதியையும் நெட்வொர்க்கிடம் கொடுக்கிறது, கடை தன் வங்கி வழியாக அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அங்கே கார்டை மாற்றினால் சந்தா நின்றுவிடும் என்று எதிர்பார்க்கவே கூடாது. இந்தச் சேவையிலிருந்து என் கார்டை விலக்குங்கள் என்று வங்கியிடம் கேட்கலாம். டெபிட் கார்டிலிருந்து முன் அனுமதியோடு போகும் கட்டணத்தை, தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பாகச் சொல்லி நிறுத்தும் உரிமையும் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. வாயால் சொன்னால் 14 நாளுக்குள் எழுத்தில் கொடு என்று வங்கி கேட்கலாம். அவள் ஜிம்மில் எழுத்தில் ரத்து செய்துவிட்டு, அதன் நகலோடு வங்கிக்கும் சொன்னாள். ஒப்பந்தத்தில் இருந்த கடைசி மாதக் கட்டணத்தை மட்டும் ஜிம் கேட்டது, அதைக் கட்டியதும் நின்றது.